அரைகுறைத் தமிழின் பொருளைப் பிடிப்பது எப்படி? பெரட்டில் கேட்ட ஒரு பேச்சை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் தலைமுறை நான். ஊர்ப் பெயர் மாறியது 2007இல். தோட்டத்தில் ஆட்கள் மாறத் தொடங்கியது அதற்கும் முன்பே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நம் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் வேலைக்குப் போனார்கள்; குலை வெட்ட இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தமிழர், கணக்கு எழுதும் கிராணி தமிழர், கடைக்காரர் தமிழர் என்று இருக்கும் தோட்டத்தில் புதிதாய் வருகிறவருக்கு மலாயோடு தமிழும் ஒட்டிக்கொள்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. காதில் விழுந்ததை வைத்து அவரே கட்டிக்கொள்கிறார்.

வயல் கிராணியாக இருக்கும் எனக்கு இந்தத் தமிழைக் கேட்பதே தினசரி வேலை. சரியாகக் கேட்டால் ஒருவர் அன்றைக்கே தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடம் போவார். தப்பாகக் கேட்டால் வருகைப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ஒரு சுழியம் விழும். அதனால் ஒரே ஒரு பேச்சை எடுத்து, அதை நான் எப்படிப் பிரித்தேன் என்று கடைசி வரை காட்டுகிறேன். பேசியவர் வங்காளதேச இளைஞர், வந்து எட்டு மாதம். ஒரு புதன்கிழமை காலை, ஆறு மணிக்கு முன்பு, ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் என்னிடம் வந்து சொன்னது இது:

"அண்ணே, என்னோட கூட்டாளி. நாளைக்கு கொலை விழு, கால். அவனோட காய்ச்சல். மருந்து சாப்பிடு இல்ல. நாளைக்கு வேலை முடி இல்ல. மண்டோர் சொல்லு."

ஏதோ நடந்திருக்கிறது, யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது முதல் தடவையிலேயே புரிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மொத்தமாகப் புரிந்த திருப்தியில் மிச்சத்தை நாமே நிரப்பிவிடுகிறோம். இந்தப் பேச்சில் குறைந்தது ஐந்து இடங்களில் இரண்டு பொருள் இருக்கிறது. எல்லா இடத்திலும் தப்பான பக்கத்தை எடுத்தாலும் ஒரு முழுக் கதை கிடைக்கும்.

படி 1: சொன்னபடியே எழுதுங்கள், கையையும் சேர்த்து

திருத்தாமல் எழுத வேண்டும். "நாளைக்கு விழு" என்றால் "நாளைக்கு விழு" என்றே எழுத வேண்டும். நம் மூளை கேட்கும்போதே "நேத்து விழுந்துச்சு" என்று மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் சரியாகவும் இருக்கலாம், ஆனால் மாற்றினோம் என்பதே மறந்துபோகிறது. பிறகு தப்பு எங்கே நுழைந்தது என்று தேட வழியில்லை.

கூடவே கை, கண், இடைவெளி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பில் "கால்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "வலது முழங்காலுக்குக் கீழே தொட்டார்" என்று இருக்கிறது. அது இல்லையென்றால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன், ஏனென்றால் வங்காளியிலும் "கால்" என்று ஒரு சொல் உண்டு. அதற்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பற்றி நான்காம் படியில் சொல்கிறேன்.

"கொலை" என்றதும் புதிதாய் வந்த ஒரு உதவிக் கிராணி திடுக்கிட்டார். நாமும் பேச்சில் குலையைக் கொலை என்றுதான் சொல்கிறோம். நம் வாயில் அது இயல்பாக வருவதால் காதில் உறைப்பதில்லை. அந்த இளைஞர் மண்டோரிடம் கேட்டபடியே, பிசகாமல் சொல்லியிருந்தார். தப்பு போலத் தெரியும் எல்லாமே தப்பில்லை என்பதால்தான் முதலில் எழுதச் சொல்கிறேன்.

படி 2: வினைச்சொல்லை விட்டுவிட்டு, ஆட்களையும் பொருள்களையும் வரிசையாக வையுங்கள்

கூட்டாளி, குலை, கால், காய்ச்சல், மருந்து, வேலை, மண்டோர். இந்த ஏழையும் அவர் சொன்ன வரிசையிலேயே ஒரு வரியில் எழுதினேன். அந்த வரிசை தற்செயலானதில்லை.

1980களில் ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வேலை தேடிப் புது நாட்டுக்கு வந்த 40 பெரியவர்கள், வகுப்புக்கு அதிகம் போகாமல் அந்த ஊர்ப் பேச்சை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சுமார் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதைத் தொகுத்து வொல்ஃப்காங் கிளைன், கிளைவ் பெர்டியூ என்ற இருவர் 1997இல் எழுதியதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பயன்பட்டது. தாய்மொழி எதுவாக இருந்தாலும், கற்கும் மொழி எதுவாக இருந்தாலும், எல்லாரும் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி பேசுகிறார்களாம். வினைக்கு விகுதி இருக்காது. காலத்தைத் தனிச் சொல் சொல்லும். செயலைச் செய்கிறவர் முன்னால் வருவார். புதுச் செய்தி கடைசியில் வரும். எது முன்னால் நடந்ததோ அது முன்னால் சொல்லப்படும். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சொற்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஆய்வில் தமிழ் இல்லை. ஆனால் பெரட்டில் நான் கேட்பது அதே ஒழுங்குதான். ஆகவே "குலை விழுந்தது, காய்ச்சல் வந்தது" என்ற வரிசையை நம்பலாம். காய்ச்சலில் தலை சுற்றிக் குலைக்கடியில் போய் நின்றார் என்று தலைகீழாகப் படிக்க வேண்டியதில்லை. வரிசைதான் அவர் கையில் இருக்கும் பெரிய இலக்கணம். விகுதிகளை நம்பாதீர்கள், வரிசையை நம்புங்கள்.

படி 3: ஏவல் போலக் கேட்பதை ஏவலாக எடுக்காதீர்கள்

விழு. சாப்பிடு. சொல்லு. மூன்றும் தமிழ்க் காதுக்குக் கட்டளைகள். "மண்டோர் சொல்லு" என்று ஒரு பையன் கிராணியிடம் சொன்னால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இதற்காகவே ஒருவரைத் திட்டி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எட்டு மாதமாக அவரிடம் நாம் பேசிய தமிழ் என்ன? "வா", "போ", "வெட்டு", "தூக்கு", "சீக்கிரம் போடு". "நேத்து என்ன சமைச்சீங்க?" என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கட்டளை மட்டுமே காதில் விழுந்தவருக்குக் கட்டளை வடிவம்தான் வினைச்சொல்லின் பெயர். அதே வடிவம் நம் வினைகளின் வேராகவும் இருப்பதால் அவர் வேரைத்தான் பிடித்திருக்கிறார். வங்காளியில் ஒருமையில் அழைக்க இரண்டு சொல்லும் மரியாதைக்கு ஒரு சொல்லும் உண்டு. மரியாதை என்பது தெரியாதவர் இல்லை. "அண்ணே" என்று தொடங்கினாரே, அவருக்குக் கிடைத்த தமிழில் மரியாதைக்கான சொல் அது ஒன்றுதான், அதை முதலிலேயே கொடுத்துவிட்டார்.

அவன், அவள் குழப்பமும் இதே மாதிரிதான். வங்காளியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆண்ட்டியைக் காட்டி "அவன் சொல்லு" என்றால் பெண்ணைத்தான் சொல்கிறார். இதைப் புரிந்துகொள்வதோடு நகர்ந்துவிடலாம்.

ஆக, இந்தப் படியில் செய்ய வேண்டியது: வினைகளை வெறும் பெயராக மாற்றி எழுதுங்கள். விழுதல், சாப்பிடுதல், சொல்லுதல். யார், யாரிடம், எப்போது என்ற மூன்றும் இன்னும் காலி. காலியாகவே இருக்கட்டும்.

படி 4: காலத்தைச் சொல்லால் கேட்காதீர்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அதிகத் தவறு நடப்பது இங்கே.

வங்காளியில் நேற்றும் "கால்", நாளையும் "கால்". தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் முன்னால் வேறு சொல் சேர்ப்பார்கள், ஆனால் பேச்சில் பெரும்பாலும் வெறும் "கால்" போதும், வினைச்சொல் காலத்தைக் காட்டிவிடும். "பொர்ஷு" என்றால் முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. இந்தியிலும் இப்படித்தான். இந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வருகிறவர் "நாளைக்கு" என்ற சொல்லை முதலில் கற்றால், அதையே இரு பக்கமும் போடுவார். அவர் மொழியில் வேலையைச் செய்யும் வினை விகுதி தமிழில் அவரிடம் இன்னும் இல்லை. ஆக, அவரிடம் இருப்பது காலம் காட்டாத சொல்லும் காலம் காட்டாத வினையும்தான்.

அவர் பேச்சில் "நாளைக்கு" இரண்டு முறை வருகிறது. முதலாவது எளிது. நாளைக்கு விழப்போகிற குலையைப் பற்றி யாரும் இன்றைக்கு வந்து முறையிட மாட்டார்கள். உலக நடப்பே அதை நேற்றாக்கிவிடுகிறது. இரண்டாவது அப்படியில்லை. "நாளைக்கு வேலை முடி இல்ல" என்பது "நேத்து வேலையை முடிக்கல" என்றும் இருக்கலாம், "நாளைக்கு வேலைக்கு வர முடியாது" என்றும் இருக்கலாம். இரண்டுமே நடக்கக்கூடியவை. இரண்டுக்கும் செக்ரோலில் வேறு வேறு கணக்கு.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "நேத்தா, நாளைக்கா?" நான் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். அது பயனில்லாத கேள்வி. அவருக்கு இரண்டும் ஒரே நாள். "கால், கால்?" என்று கேட்பது போல. அவர் "ஆமா" என்பார், நாமும் நமக்குத் தோன்றிய பக்கத்தை எழுதிக்கொள்வோம்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: எந்த இலக்கணம் அவரிடம் இல்லையோ, அதே இலக்கணத்தின் மேல் நம் கேள்வி நிற்கக் கூடாது.

எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய கட்டம் போட்ட நாள்காட்டி தொங்குகிறது. அவரை அதன் முன் நிறுத்தி, இன்றைய கட்டத்தில் என் விரலை வைத்து "இன்னிக்கு" என்றேன். "குலை?" என்று கேட்டதும் அவர் விரல் செவ்வாய்க்குப் போனது. "வேலை முடி இல்ல?" என்றதும் வியாழனுக்குப் போய், அங்கிருந்து வெள்ளிக்கும் நகர்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேற்று விழுந்தது; நாளையும் மறுநாளும் வேலைக்கு வர முடியாது.

இன்றைக்கு? இன்றைய கட்டத்தை அவர் தொடவே இல்லை. கூட்டாளி பெரட்டில் இல்லாதது கண்ணுக்கே தெரிகிறதே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறார். கண்முன் இருப்பதைச் சொல்லாமல் விடுவது இந்தப் பேச்சின் வழக்கம். அதனால் வெளிப்படையாகத் தெரிவதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எந்த நாட்டவர் என்று தெரிந்துகொள்வது இங்கே உதவும். நேப்பாளியில் நேற்றுக்கும் நாளைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு, அதனால் அவர் "நேத்து" என்றால் பெரும்பாலும் நேற்றுதான். இந்தோனேசியரின் வினைக்குக் கால விகுதியே கிடையாது, "ஏற்கெனவே" "இன்னும் இல்லை" போன்ற தனிச்சொல்லால் சமாளிப்பார். தவிர, அவர்கள் பேச்சில் நேற்றுக்கான சொல் சில நாள் முன்பு நடந்ததற்கும் வரும். அவரிடமும் நாள்காட்டிதான்.

படி 5: ஒவ்வொரு "இல்ல"வையும் தனித்தனியாகத் திறக்கவும்

தமிழில் மறுப்புக்கு எத்தனை கதவு! இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது, கூடாது, தெரியாது. புதிதாய்க் கற்பவரிடம் இருப்பது ஒரே சாவி: இல்ல.

வங்காளிக்காரருக்கு இந்தச் சாவி சுலபமாக வந்துவிடுகிறது. அவர்கள் பேச்சில் "நாய்" என்று ஒரு மறுப்புச் சொல் உண்டு (விலங்கு இல்லை, ஒலி மட்டும் அப்படி). பொருள் இல்லை என்பதற்கும் அதுதான், "சாப்பிடல" என்று நடக்காததைச் சொல்லவும் வினைக்குப் பின்னால் அதுதான். நம் "இல்லை"யும் அதே இரண்டு வேலையைச் செய்கிறது. அதனால் "சாப்பிடு இல்ல" என்பது கிறுக்கல் இல்லை. வினைக்குப் பின்னால் இல்லை வைத்தால் நடக்கவில்லை என்று பொருள் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனால் "மருந்து சாப்பிடு இல்ல" என்பதை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். மருந்து சாப்பிடவில்லை. மருந்து சாப்பிட மாட்டேன் என்கிறான். சாப்பிட மருந்து இல்லை. நான்காவதுதான் எளிதில் தப்பிவிடும்: மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. "சாப்பிடு" என்பதைச் சாப்பாடு என்ற பெயராகவே பலர் வைத்திருப்பார்கள். வங்காளியில் சோறு, தண்ணீர், மருந்து, சிகரெட் எல்லாவற்றுக்கும் சாப்பிடுவதற்கான ஒரே வினைதான். "தண்ணி சாப்பிடு" என்றால் குடிப்பதைச் சொல்கிறார்.

இதைப் பிரிக்கப் பொருளைக் கேளுங்கள். "மருந்து எங்க?" என்று கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக் கொடுத்தார், மளிகைக் கடையில் வாங்கியது. பத்து மாத்திரையும் அப்படியே இருந்தது. மருந்து இருக்கிறது, போடவில்லை. ஏன்? சோறு பிசைவது போலக் கையைக் காட்டிக் கூட்டாளியின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டி, வயிற்றைத் தொட்டு, வாந்தி எடுப்பது போல் காட்டினார். சாப்பாடு இறங்கவில்லை, வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். நான்கு பொருளில் இரண்டு கலந்து நின்றது. "மருந்து சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டிருந்தால் வாந்தி விஷயம் வெளியே வந்திருக்காது.

அடுத்தது "முடி இல்ல". இதில் குறை அவருடையது இல்லை, தமிழே இரட்டையாகப் பேசுகிறது. "முடியல" என்றால் நமக்கே இரண்டு: இயலவில்லை, முடிவடையவில்லை. நாம் சூழலை வைத்துத் தாண்டிவிடுகிறோம். "காய்ச்சல் முடி இல்ல" என்றால் இன்னும் விடவில்லை. "வேலை முடி இல்ல" என்றால் இரண்டில் எது என்று நாள்காட்டி சொல்ல வேண்டும்.

இந்தச் சொல்லில் ஒருமுறை நான் பெரிய தவறு செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்பு, கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தொழிலாளி "வேலை முடி இல்ல அண்ணே" என்றார். கொடுத்த நிரையை முடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, வெட்டிய குலைக்கு மட்டும் கணக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மணிக்கட்டில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. கை வீங்கி, நரம்போரம் சிவந்து போயிருந்தது. செம்பனை மட்டையின் முள் சாதாரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்திருந்ததும் தெரிந்தது. சொல் கிடைத்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதல் படியில் கையையும் எழுதச் சொன்னது அந்த நாளிலிருந்துதான்.

படி 6: யார் யாருக்கு என்பதைக் கையால் கேளுங்கள்

"அவனோட காய்ச்சல்" என்றது எளிது. நமக்கு "எனக்குக் காய்ச்சல்", வங்காளியில் "என்னோட காய்ச்சல்". பசி, தாகம், வலி எல்லாவற்றுக்கும் அங்கே உடைமை உருபுதான். "என்னோட பசி" என்று யாராவது சொன்னால் பசிக்கிறது என்று அர்த்தம். இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு தடுக்காது.

"மண்டோர் சொல்லு" தான் சிக்கல். கு, கிட்ட என்று உருபு ஒன்றும் இல்லாததால் மூன்று பொருள் வரும். மண்டோர் சொன்னார். மண்டோரிடம் சொல்லிவிட்டோம். மண்டோரிடம் நீங்கள் சொல்லுங்கள். செய்கிறவர் முன்னால் வருவார் என்ற விதிப்படி முதல் பொருளுக்கு எடை அதிகம். ஆனால் எடை அதிகம் என்பதால் முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் மூன்றாவதை எடுத்தால் நான் மண்டோரைத் தேடிக் கிளம்ப வேண்டும், அவரோ அந்நேரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்தின் மறு கோடிக்குப் போய்விட்டார்.

"மண்டோர் உங்ககிட்ட சொன்னாரா, நான் மண்டோர்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டால் மறுபடியும் அதே பள்ளம். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசமே உருபும் விகுதியும்தான், அவரிடம் இல்லாதவை. மேசையில் இரண்டு பேனாவையும் ஓர் அழிப்பானையும் வைத்தேன். ஒரு பேனா மண்டோர், ஒன்று நான், அழிப்பான் அவர். "சொல்லு" என்று சொல்லியபடி மண்டோர் பேனாவிலிருந்து அழிப்பானுக்கு விரலை இழுத்தேன். அவர் உடனே தலையாட்டி, அங்கிருந்து என் பேனாவுக்கு விரலை நீட்டினார். மண்டோர் அவரிடம் சொன்னார், கிராணியிடம் போ என்று. என்னிடம் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. தான் ஏன் வந்தார் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்.

பேனா இல்லாவிட்டால் விரலே போதும். இடது கை அவர், வலது கை மற்றவர். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் காட்டுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் கடைசியாகக் காட்டியதற்குத் தலையாட்டிவிடுவார்கள்.

படி 7: திருப்பிச் சொல்லுங்கள், "ஆமா"வை நம்பாதீர்கள்

இப்போது கிடைத்தது இது: நேற்று கூட்டாளியின் வலது காலில் குலை விழுந்தது. அதன் பிறகு காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரை போடவில்லை. இன்றைக்கும் நாளைக்கும் மறுநாளும் வேலைக்கு வர முடியாது. மண்டோருக்குத் தெரியும், அவர்தான் அனுப்பினார்.

இதை மொத்தமாகப் படித்துக் காட்டிச் "சரியா?" என்று கேட்டால் வரும் "ஆமா"வுக்கு மதிப்பில்லை. மேலே இருக்கிறவர் கேட்டால் ஆமா சொல்வது மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாமும்தான். அதனால் நான் வேண்டுமென்றே ஒரு இடத்தைத் தப்பாகச் சொல்லிப் பார்ப்பேன். இடது முழங்காலைத் தொட்டு, "இந்தக் கால்?" என்றேன். "இல்ல இல்ல" என்று குனிந்து என் வலது காலையே தொட்டுக் காட்டினார். மறுத்துத் திருத்துகிறார் என்றால் மற்றதற்குச் சொன்ன ஆமாவும் உண்மை. தப்புக்கும் தலையாட்டியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

"வரலையா?" "சாப்பிடலையா?" என்று எதிர்மறையில் கேட்காதீர்கள். அதற்கு வரும் "ஆமா"வும் "இல்ல"யும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று சொல்லவே முடியாது.

நாம் பதில் பேசும்போது

இதுவரை கேட்பதைப் பற்றிச் சொன்னேன். பேசும்போது நம்மில் பலர் அவர் தமிழையே திருப்பிப் பேசுகிறோம்: "நீ போ, மருந்து சாப்பிடு, நாளைக்கு வா இல்ல." உதவி செய்வதாக நினைத்துத்தான். அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1970களிலேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பல ஊர்களில் வந்தேறிகளிடம் உள்ளூர்க்காரர்கள் விகுதியை உதிர்த்துவிட்டுப் பேசுகிறார்களாம். அதன் விளைவு, அவருக்கு விகுதி காதில் விழ வாய்ப்பே இல்லாமல் போகிறது. எட்டு மாதத்தில் பேசியதையே எட்டு வருஷத்திலும் பேசுவார்.

சின்ன வாக்கியம், முழு இலக்கணம், மெதுவான பேச்சு. "டிரஸர்கிட்ட போங்க, தம்பி. கூட்டாளியையும் கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான். அவர் "நாளைக்கு விழு" என்றால் திருத்தி உட்கார வைக்காமல், "ஓ, நேத்து விழுந்துச்சா" என்று சொல்லியபடி செவ்வாய்க் கட்டத்தைத் தொடுங்கள். வேலையும் நடக்கும், சரியான வடிவமும் காதில் விழும்.

என் பாட்டி மலாய் பேசியது இப்படித்தான். "அனாக் சாக்கிட், செக்கோலா தாபோலே" என்று அவர் சொன்னதை, அன்றைய மலாய் ஆசிரியை ஒருவர் சிரிக்காமல் கேட்டு, முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குச் சுகமில்லை, பள்ளிக்கு வர முடியாது. பாட்டி அடுத்த முறை போனபோது அந்த ஆசிரியை சொன்ன சொல் ஒன்று அவர் பேச்சில் சேர்ந்திருந்தது.

எங்கே நிறுத்த வேண்டும்

மேலே சொன்ன முறை நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான். மூன்று இடத்தில் இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பூச்சிமருந்து கலக்கும் அளவு. கையெழுத்துப் போடும் தாள், அது சம்பளமானாலும் பெர்மிட்டானாலும். மாத்திரை எத்தனை, எத்தனை வேளை என்பது. இவற்றில் ஓர் எண் மாறினாலும் கேடு, தலையாட்டல் சாட்சி ஆகாது. அவர் மொழியும் மலாயோ தமிழோ நன்றாகத் தெரிந்த ஒருவரைப் போனிலாவது பிடியுங்கள். எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும், பதினைந்து வருஷம் இங்கிருக்கும் ஒரு வங்காளதேசத்தவர் எனக்கு அப்படி உதவுகிறார். அவரும் இல்லாதபோது தாளை மறுநாளைக்குத் தள்ளிவைப்பேன்.

அந்தப் புதன்கிழமை டிரஸர் லயத்துக்கே வந்து பார்த்தார். குலை உரசிக்கொண்டு விழுந்ததில் கெண்டைக்கால் கிழிந்து, புண்ணைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவியிருந்தது. அவரைப் பட்டணத்து அரசு கிளினிக்குக்கு அனுப்பினோம். புண்ணைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, மருந்து கொடுத்தார்கள். மருந்தின் வேளைக் கணக்கைச் சாப்பாட்டுக் கடைக்காரர் போனில் அவர் மொழியில் சொன்னார். செக்ரோலில் மூன்று நாளைக்கும் மருத்துவ விடுப்பு எழுதினேன்.

பேசியவருக்கென்று என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொருவர் அரைகுறைத் தமிழும் அவரவருக்குள் ஒழுங்கானது, அடுத்தவருக்குப் பொருந்தாது, அதனால் ஆளுக்கொரு பக்கம். அவர் பக்கத்தில் அன்றைக்கு நான் எழுதியது: "நாளைக்கு = நேற்று, நாளை இரண்டும். சாப்பிடு = சாப்பாடு, குடிப்பது, மருந்து போடுவது. முடி இல்ல = இயலாது; முடிக்கவில்லை என்றால் மலாய்ச் சொல்லைச் சேர்த்து 'ஹாபிஸ் இல்ல' என்கிறார். உருபு இல்லை, ஆள் வரிசை சரி." மூன்று மாதம் கழித்து முதல் வரியை அடித்துவிட்டேன். ஒரு திங்கள்கிழமை காலை அவரே வந்து, நாள்காட்டியைப் பார்க்காமல், "நேத்து மழை அண்ணே" என்றார்.